படத்துக்குக் கீழ ஒரு பாயிரம்

பட்டமளிப்புக் காலம் வந்தால் எங்கட போன்களில ஒரே மாதிரிப் படங்கள் வரிசையா வரும். கறுப்பு அங்கி, கையில சுருட்டின தாள், இரண்டு பக்கமும் அம்மாவும் அப்பாவும். படம் எடுக்கிறது சுகம். கீழ என்ன எழுதுறது எண்டதிலதான் எல்லாரும் மாட்டுப்படுறம். "வாழ்த்துகள் மச்சாள்" எண்டு மட்டும் போட்டால் காணாது போல இருக்குது. கொஞ்சம் எதுகை, கொஞ்சம் சிலேடை எண்டு இறங்கினால் வரி நாடகமேடை வசனம் மாதிரி ஆகிப்போகுது.

இது புதுப் பிரச்சினை இல்லை. நண்பர் ஒருவர் ஒரு கட்டத்தைத் தாண்டினால் பக்கத்தில நிக்கிறவர் நாலு வரி எழுத வேணும் எண்ட வழக்கம் தமிழில மிகப் பழசு. அந்த வழக்கத்துக்கு விதிகளும் இருந்தன. அந்த வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தால், இண்டைக்கு ஒரு கப்ஷன் எங்க பிழைக்குது எண்டும் பிடிபடும்.

கூடப் படிச்சவர் எழுதின முதல் வரிகள்

தொல்காப்பியத்தைத் திறந்தால் முதலில வருவது தொல்காப்பியர் எழுதினது இல்லை. பனம்பாரனார் எழுதின சிறப்புப்பாயிரம். பனம்பாரனாரும் தொல்காப்பியரும் ஒரே ஆசிரியரிடம் கூடப் படிச்சவர்கள் எண்டு மரபு சொல்லும். அப்ப, நண்பன் ஒரு நூலை முடிச்சு அரங்கேற்றின நேரத்தில இன்னொரு நண்பன் எழுதிக் குடுத்த வரிகள் அவை. அதில என்ன இருக்குது எண்டு பாருங்கோ. வடக்கே வேங்கடம், தெற்கே குமரி எண்டு எல்லை சொல்லுறார். எந்த அரசன் அவையில், யார் முன்னிலையில் நூல் அரங்கேறியது எண்டு சொல்லுறார். நூலின் பெயர், ஆளின் பெயர், அவர் எதைக் கற்றவர் எண்டதும் வருகுது. நிலவே, கடலே எண்டு ஒண்டும் இல்லை. முழுக்க முழுக்கச் செய்தி.

பிறகு வந்த நன்னூல் இதை விதியாகவே வைக்குது. ஒருவர் தன் நூலுக்குத் தானே சிறப்புப்பாயிரம் எழுதக்கூடாது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தன்னைத் தானே புகழுறது தகாது. ஆசிரியர், கூடப் படிச்சவர், மாணவர், தகுந்த உரைகாரர் ஆகியோரில் ஒருவர்தான் எழுதலாம். எழுதுறவர் எட்டு விசயம் சொல்ல வேணும்: ஆக்கினவர் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், எப்படிக் கட்டப்பட்டது, எதைப் பற்றியது, யாருக்காக, என்ன பயன். இதோட காலம், களம், காரணம் மூண்டையும் சேர்த்துப் பதினொண்டு எண்டு சொல்லுறவையும் இருக்கினம்.

இந்தப் பட்டியலில "அழகாகச் சொல்" எண்ட விதி இல்லை. எதுகை, மோனை எல்லாம் யாப்பு பார்த்துக்கொள்ளும். பாயிரம் எழுதுறவரிடம் கேக்கிறது விபரம். எங்கட பார்வையில, கப்ஷன் சறுக்கிற இடமும் இதுதான். நாங்கள் ஒலியில இருந்து தொடங்குறம். பழைய ஆக்கள் விபரத்தில இருந்து தொடங்கினவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு வந்த பிறகு இந்த வழக்கம் இன்னும் பெருத்தது. ஒரு நூல் அச்சேறினால் அதன் முன்பக்கங்களில் சாற்றுகவிகள் வரிசைகட்டி நிக்கும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை போன்றவர்களிடம் சாற்றுகவி கேட்டு ஆக்கள் வந்தபடியே இருந்தினம். கேட்ட எல்லாருக்கும் எழுத வேண்டி வந்தால் என்ன நடக்கும்? நூலைப் படிக்காமலே புகழ வேண்டி வரும். விபரம் இல்லாத இடத்தில ஒலி வந்து குந்தும். யாருக்கும் பொருந்துற பாட்டு யாரையும் சொல்லாத பாட்டு. எங்கட ஊரில கலியாண வீட்டில கண்ணாடிச் சட்டம் போட்டு வாசிச்சுக் குடுக்கிற வாழ்த்துப்பாக்களில பாதி இப்பிடித்தான். மணமக்கள் பெயரை மாத்தினால் அடுத்த வீட்டுக்கும் சரியாகும்.

திருமலைக்காரர் ஒருவர் காத்த புத்தகம்

இந்த இடத்தில எங்கட ஊர்க்காரர் ஒருவரைச் சொல்ல வேணும். தி. த. கனகசுந்தரம்பிள்ளை, 1863-இல் திருகோணமலையில் பிறந்தவர். 1895-இல் "மோகனாங்கி" எண்ட வரலாற்று நாவலை எழுதின தி. த. சரவணமுத்துப்பிள்ளை அவருடைய தம்பி. இரண்டு பேரும் இந்தத் துறைமுகத்து ஊரில இருந்து சென்னைக்குப் போய்த் தமிழோட வாழ்ந்தவர்கள். கனகசுந்தரம்பிள்ளை பதிப்பிச்ச நூல்களில ஒண்டு "தமிழ் நாவலர் சரிதை".

அது ஒரு விசித்திரமான தொகுப்பு. பெரிய காப்பியம் ஒண்டும் அதில இல்லை. புலவர்கள் அந்தந்த நேரத்தில, ஒரு விருந்துக்கு, ஒரு சண்டைக்கு, ஒரு பரிசுக்குப் பாடின தனிப்பாடல்கள்தான் இருக்குது. ஒவ்வொரு பாட்டோடும் உரைநடையில ஒரு சின்னக் குறிப்பு வரும்: இன்னார், இன்ன நேரத்தில, இன்னாரைப் பாடினது எண்டு. அந்தக் குறிப்பை எடுத்துவிட்டால் பாட்டில பாதி செத்துப்போகும். ஏன் சிரிக்க வேணும், ஏன் கோபப்பட வேணும் எண்டு விளங்காது.

இண்டைக்கு அந்தக் குறிப்பின் வேலையைப் படம் செய்யுது. அங்கி போட்ட படம், "இது பட்டமளிப்பு" எண்டு ஏற்கெனவே சொல்லிப்போட்டுது. அதுக்குக் கீழ "இன்று பட்டம் பெற்ற நாள்" எண்டு திரும்ப எழுதினால் இரண்டு குறிப்பு இருக்கும், பாட்டு இருக்காது. படம் சொல்லாததைத்தான் வரி சொல்ல வேணும். எத்தனை வருசம் எடுத்தது, எங்க இருந்து வந்தாள், என்னத்தை விடாமல் பிடிச்சிருந்தாள் எண்டது படத்தில தெரியாது.

அந்த மாதிரிப் பாடல்களில பேர் போனவர் காளமேகம், பதினைந்தாம் நூற்றாண்டுக்காரர். வைக்கோலுக்கும் யானைக்கும் அவர் பாடின சிலேடையைப் பள்ளிக்கூடத்தில கேட்டிருப்பியள். அது ஏன் இன்னும் நிக்குது? "களம்" எண்டால் நெல் அடிக்கிற இடம், சண்டை நடக்கிற இடம். "போர்" எண்டால் வைக்கோல் குவியல், யுத்தம். "கோட்டை" எண்டால் நெல்லைக் கட்டி வைக்கிற கட்டு, அரண். மூண்டு சொல்லும் வயலுக்குள்ள ஒண்டாக நிக்குது. அதே மூண்டும் யுத்தத்துக்குள்ளயும் ஒண்டாக நிக்குது. ஒரு சொல்லை முறிக்கேல்லை, ஒரு சொல்லை வெளியில இருந்து கொண்டுவரேல்லை. கேக்கிற விவசாயிக்கும் படைவீரனுக்கும் அகராதி தேவையில்லை.

இலக்கணம் இதைச் செம்மொழிச் சிலேடை எண்டு சொல்லும். சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் வரும். சொல்லைப் பிரிச்சால் மட்டும் இரண்டாவது பொருள் வருமெண்டால் அது பிரிமொழிச் சிலேடை. உதாரணமா, நண்பன் ஒருவன் கடை திறக்கிறான். பெயர்ப்பலகையை எல்லாரும் சேர்ந்து ஏத்தி மாட்டுறம். அந்தப் படத்துக்குக் கீழ "பல கை சேர்ந்து தூக்கின பலகை" எண்டு போடலாம். பிரிமொழிதான், ஆனால் இழுபறி இல்லை. ஏனெண்டால் உண்மையிலயே பல கை தூக்கினது. தனிய ஒருத்தன் ஏணி வைச்சு மாட்டின பலகைக்கு இதே வரியைப் போட்டால் அது வெறும் சொல் விளையாட்டு, வாசிக்கிறவனுக்கு உடன தெரியும்.

சொல்லின் இரண்டு பக்கமும் உயிரோட இருக்க வேணும்

சிலேடை தேடுற எல்லாரும் முதலில பார்க்க வேண்டியது இதுதான். அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் வாசிக்கிறவை இண்டைக்குப் பேசுற பொருளா?

துறைமுகத்து ஊரில வேலை கிடைச்ச நண்பனுக்கு எழுதுறம் எண்டு வையுங்கோ. பழந்தமிழில "வேலை" எண்டால் கடல். கம்பராமாயணம் படிச்ச கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இது பெரிய பரிசு மாதிரித் தெரியும்: வேலைக்கரையில் வேலை! ஆனால் வாசிக்கிற பத்துப் பேரில ஒன்பது பேருக்கு வேலை எண்டால் உத்தியோகம் மட்டும்தான். அவைக்கு அந்த வரி அச்சுப் பிழை போலத் தெரியும். பிறகு நீங்கள் கொமென்ற்றில வந்து விளக்க வேணும். விளக்கின சிலேடை ஆறின தேத்தண்ணி.

"துறை" அப்படி இல்லை. துறைமுகம் எங்களுக்குக் கண்ணுக்கு முன்னால இருக்குது. பல்கலைக்கழகத்தில தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை, துறைத் தலைவர் எண்டு நாள் முழுக்கச் சொல்லுறம். இந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தி உதவி விரிவுரையாளரா நியமனம் பெற்றால், "துறைமுகத்துப் பிள்ளை இனித் தமிழ்த் துறையில" எண்டு எழுதலாம். இரண்டு பக்கமும் உயிர் இருக்குது. விளக்கம் வேண்டாம்.

"பட்டம்" இன்னும் வசதியான சொல். படிச்சு வாங்குறதும் பட்டம், காத்தில ஏத்துறதும் பட்டம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில நடக்கிற பட்டப் போட்டியைப் படத்திலயாவது பார்க்காத ஆள் எங்களுக்குள்ள இல்லை. அதோட "நூல்" எண்ட சொல் தானா வந்து ஒட்டுது: வாசிக்கிறதும் நூல், பட்டத்தைப் பிடிக்கிறதும் நூல். காளமேகத்தின் வயல் மாதிரி, பட்டம், நூல், ஏறுறது எண்ட மூண்டும் ஒரே உலகத்துச் சொற்கள். ஒண்டை எடுத்தால் மற்றது பின்னால வரும். ஒரு சிலேடை இயல்பா இருக்குதா எண்டு கண்டுபிடிக்க இது நல்ல அடையாளம். இரண்டாவது சொல்லை நீங்கள் தேடிப் போகவேண்டி இருந்தால் வரி முறியப் போகுது.

கடைசியில எதுகை தேடாதேங்கோ

இனி ஒலி. "ரைமிங்" எண்டு சொன்னவுடன எங்கட கை வரியின் கடைசிக்குப் போகுது. அது இங்கிலீசுப் பாட்டிலயும் சினிமாப் பாட்டிலயும் இருந்து வந்த பழக்கம். தமிழில அதுக்கும் பெயர் இருக்குது, இயைபு. ஆனால் தமிழ்ச் செய்யுள் நூற்றாண்டுகளா நம்பினது வரியின் தொடக்கத்தை: முதல் எழுத்து ஒத்து வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை.

ஏன் தொடக்கம்? தமிழ் வசனத்தில வினைச்சொல் கடைசியில வரும். அந்த வினையின் வாலில இலக்கணம் தானே ஒட்டிவிடும். "வந்தாள், நின்றாள், வென்றாள், சென்றாள்" எண்டு எழுதினால் எல்லாம் "ஆள்" எண்டு முடியும். அதில உங்கட முயற்சி ஒண்டும் இல்லை, அவளைப் பற்றிப் பேசினால் அப்பிடித்தான் முடியும். இலவசமாக் கிடைக்கிற ஒலி எண்டதால காதுக்கு அதில ஆச்சரியம் இல்லை. நாலு வரி தொடர்ந்து அப்பிடி வந்தால் சிரிப்புத்தான் வரும். டி. ராஜேந்தரின் வசனம் அந்தச் சிரிப்பைத் தெரிஞ்சே வாங்குது. பகிடிதான் உங்கட நோக்கம் எண்டால் நீங்களும் தாராளமா வாங்குங்கோ. கண் கலங்க வேண்டிய வரியில அது வந்தால் பிழை.

வரியின் தொடக்கத்தில நிக்கிறது சொல்லின் வேர். பட்டம், கட்டம், திட்டம் எண்ட சொற்களுக்கு இடையில இலக்கணத் தொடர்பு இல்லை. தற்செயலா ஒலி ஒத்துப்போச்சு. அந்தத் தற்செயல்தான் காதைத் தட்டும். விதி சின்னது. இரண்டாம் எழுத்து ஒண்டாக இருக்க வேணும். முதல் எழுத்து இரண்டும் குறிலாக, இல்லாட்டி இரண்டும் நெடிலாக இருக்க வேணும். பட்டம்–கட்டம் எதுகை. பட்டம்–பாட்டம் எதுகை இல்லை.

பிரெட்ரிக் கோட்டை வாசலில இருக்கிற தமிழ்க் கல்வெட்டை இதோட சேர்த்து யோசிக்கலாம். கல்லில மிஞ்சி இருக்கிறது துண்டு எழுத்துகள்தான். கோணேசர் கோயிலைப் பறங்கியர் இடிச்சதைப் பற்றின அந்தத் தீர்க்கதரிசனப் பாட்டு முழுசாக வாய் வழியா வந்தது, அதை வைச்சுத்தான் துண்டுகளை வாசிக்கிறம். செய்யுள் மனசில தங்க வரித்தொடக்கத்து எதுகை உதவும். ஒரு வரி எப்படித் தொடங்கினது எண்டு தெரிஞ்சால் அடுத்த வரி எப்படித் தொடங்கும் எண்டதில பாதி தெரியும். கப்ஷனுக்கும் அதே பலன் உண்டு. தொடக்கத்தில எதுகை உள்ள வரியை ஆக்கள் அடுத்த நாளும் சொல்லிக்கொண்டு திரிவினம்.

இன்னொரு பெரிய வசதி எங்கட வாய்மொழியில இருக்குது. எழுத்தில "என்று, நின்று, வென்று, மூன்று". நாங்கள் சொல்லுறது "எண்டு, நிண்டு, வெண்டு, மூண்டு". எழுத்தில "மூன்று" உம் "ஆண்டு" உம் எதுகை ஆகாது. ஒண்டில றன்னகரம், மற்றதில டண்ணகரம். எங்கட வாயில "மூண்டு ஆண்டு" சுத்தமான எதுகை. எழுத்துத் தமிழில கவிதை எழுதுறவருக்குக் கிடைக்காத சோடிகள் எங்களுக்குச் சும்மா கிடைக்குது. ஆனபடியால் கப்ஷன் எழுத உட்கார்ந்தவுடன செந்தமிழுக்குத் தாவுறது பெரும்பாலும் நட்டம். "இன்னே", "மன்னோ" எண்டு இல்லாத சொற்களை இழுத்துவந்து எதுகை அடைக்கிறதை விட, அம்மாவோட கதைக்கிற தமிழில அது ஏற்கெனவே கிடக்குதா எண்டு பாருங்கோ.

ஒரு வரியைக் கட்டிப் பார்ப்பம்

இப்ப ஒரு கேஸை எடுத்துச் செய்து பார்ப்பம். சிநேகிதி ஒருத்தி கலைப்பீடத்தில மூண்டு வருசப் பொதுப் பட்டம் படிக்கப் போறாள். 2020 மார்ச்சில பல்கலைக்கழகங்கள் மூடுப்படுது. திறந்து, மூடி, ஒன்லைனில இழுத்து, 2022-இல் பெற்றோல் வரிசையும் மின்வெட்டும் வருகுது. மூண்டு வருசம் ஐஞ்சாகுது. வீட்டில முதல் பட்டதாரி. இது அந்த ஆண்டுகளில படிச்ச எங்களில பலரின் கதை, அதனால தனி ஒருத்தரைக் குறிக்கேல்லை.

முதலில கைக்கு வரும் வரி இப்பிடி இருக்கும்:

பட்டம் பெற்ற பாவையே
சட்டம் போட்ட பூவையே
வட்ட நிலவின் சாயலே

எதுகை இருக்குது: பட்டம், சட்டம், வட்டம். ஆனால் அவள் என்ன சட்டம் போட்டாள்? வட்ட நிலவு எதுக்கு வந்தது? ஒரு சோதனை உண்டு. ஒவ்வொரு எதுகைச் சொல்லையும் எடுத்து, இதை வசனமா அவளைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லுவமா எண்டு கேக்க வேணும். "அவள் பட்டம் எடுத்திட்டாள்" எண்டு சொல்லுவம். "அவள் சட்டம் போட்டாள்" எண்டு சொல்ல மாட்டம். அந்தச் சொல் ஒலிக்காக மட்டும் வந்தது. நன்னூல் பத்துக் குற்றம் சொல்லுது, அதில ஒண்டு வெற்றெனத் தொடுத்தல்: பொருள் இல்லாமல் சொல்லைக் கோர்க்கிறது. இந்த மூண்டு வரியில இரண்டு அதுதான்.

இனிப் பாயிரத்தின் வழியில போவம். முதலில விபரம். மூண்டு வருசம் எண்டு சொன்னது ஐஞ்சானது. இடையில விட்டுப்போட்டு வேலைக்குப் போக நினைச்சும் போகேல்லை. இவ்வளவையும் வெறும் பேச்சில எழுதினால்: "மூண்டு ஆண்டு எண்டு சொன்னாங்கள், நீண்டு ஐஞ்சு ஆச்சு, தாண்டி வந்திட்டாள்." எழுதிப்போட்டுத் திரும்ப வாசியுங்கோ. மூண்டு, ஆண்டு, நீண்டு, தாண்டி. நாலும் நெடிலில தொடங்கி ண் வருகுது. எதுகையைத் தேடிப் போகேல்லை. விபரம் அதைக் கொண்டுவந்தது. இனிச் செய்ய வேண்டியது சொற்களைக் குறைச்சு, வரியை உடைக்கிறது:

மூண்டு ஆண்டு எண்டாங்கள்.
நீண்டு ஐஞ்சாச்சு.
தாண்டி வந்திட்டாள்.

சிலேடைதான் வேணும் எண்டால் இரண்டாவது விபரத்தை, அதாவது விடாமல் பிடிச்சதை, எடுக்கலாம்:

நூலைக் கைவிடேல்லை.
பட்டம் ஏறிச்சு.

இரண்டையும் ஒரே கப்ஷனில போட ஆசை வரும். போடாதேங்கோ. எதுகை வரி காதுக்கு வேலை குடுக்குது. சிலேடை வரி ஒரு நொடி நிண்டு யோசிக்கச் சொல்லுது. இரண்டும் சேர்ந்தால் வாசிக்கிறவர் சிநேகிதியை விட்டுவிட்டு எழுதினவரைப் பார்ப்பார். அண்டைக்குப் பார்க்கப்பட வேண்டியவள் அவள். அதோட "நூல்" எண்ட சொல்லை மேற்கோள் குறிக்குள்ள போடுறதும், பக்கத்தில கண் சிமிட்டுற இமோஜி வைக்கிறதும் வேண்டாம். பிடிபடுறவைக்குப் பிடிபடட்டும். பிடிபடாதவைக்கும் அந்த வரி நேர்ப் பொருளில சரியா நிக்குது: படிப்பை விடேல்லை, பட்டம் கிடைச்சுது. நேர்ப் பொருள் தனிய நிக்காட்டில் அது சிலேடை இல்லை, விடுகதை.

இரண்டாவது பொருளை யார் வாசிப்பினம்?

காளமேகத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. வசை பாடுறதில கெட்டிக்காரர் எண்டும் அவரைச் சொல்லுவினம். புகழவும் ஏசவும் அவர் எடுத்தது ஒரே ஆயுதம். இரண்டு பொருள் உள்ள வரியில, ஒண்டை எழுதினவர் தெரிவு செய்யலாம். மற்றதை வாசிக்கிறவர்தான் தெரிவு செய்வார்.

மேல சொன்ன "மூண்டு ஆண்டு" வரியையே எடுங்கோ. தாமதம் எல்லாருக்கும் பொதுவா வந்தது எண்டால் அது பெருமை. அதே வரியைப் பாடத்தில ரிப்பீற் விழுந்து ஐஞ்சு வருசம் எடுத்தவளுக்குப் போட்டால், சொந்தக்காரர் எல்லாம் பார்க்கிற இடத்தில அவளின் பரீட்சை முடிவை ஒட்டின மாதிரி. சொல் மாறேல்லை, காரணம் மாறியிருக்குது. பாயிரத்தில காரணத்தையும் சேர்த்தவை சும்மா சேர்க்கேல்லை.

எங்கட துறைமுகப் பக்கத்தில இன்னும் கூர்மையான ஒண்டு இருக்குது. கடலுக்குப் போற அப்பாவின் மகள் கணினி படிச்சுப் பட்டம் எடுக்கிறாள் எண்டு வையுங்கோ. "வலை" எண்ட சொல் உடன முன்னால வந்து நிக்கும். மீன் பிடிக்கிற வலை, இணைய வலை, இரண்டு பக்கமும் உயிர், ஒரே உலகம், முறிப்பு இல்லை. இதுவரை சொன்ன எல்லாச் சோதனையிலும் அது பாஸ். ஆனாலும் எங்கட சமூகத்தில தொழிலைச் சொன்னால் சாதியைச் சொன்னதா வாசிக்கிற கண்கள் இருக்குது. நீங்கள் அப்பாவின் உழைப்பை எழுதுறியள். வேறொருவர் "ஓ, அந்த ஆக்களோ" எண்டு வாசிப்பார். அவளுக்கு அண்டைக்கு வர வேண்டியது பெருமை. வருவது பழைய காயம்.

அதுக்காக வலையைத் தொடவே கூடாது எண்டு நாங்கள் சொல்லேல்லை. அப்பாவின் வலையை அவளே பெருமையாச் சொல்லி, அதோட படம் போடுறவள் எண்டால் அந்த வரி அவளுடையது. நீங்கள் எடுத்துக் குடுக்கிறியள், அவ்வளவுதான். அவள் அதைப் பற்றி ஒருநாளும் வெளியில கதைச்சதில்லை எண்டால் அதைத் திறக்கிற உரிமை உங்களுக்கு இல்லை. சந்தேகம் எண்டால் வழி சுகம்: போட முதல் வரியை அவளுக்கு வட்ஸ்அப்பில அனுப்புங்கோ. சாற்றுகவியையும் நூலாசிரியர் பார்த்துத்தான் அச்சுக்குக் குடுத்தார். அவள் சிரிச்சால் போடுங்கோ. "ம்ம் நல்லம்" எண்டு மட்டும் வந்தால் மாத்துங்கோ.

இவ்வளவும் பார்த்தும் விளையாட்டு ஒண்டும் அமையாட்டில் விபரத்தை மட்டும் எழுதலாம். "மூண்டு வருசப் படிப்பு. ஐஞ்சு வருசம் எடுத்தது. வீட்டில முதல் பட்டதாரி." இதில எதுகையும் இல்லை, சிலேடையும் இல்லை. ஆனால் கூடப் படிச்ச ஒருத்தர் மட்டுமே எழுதக்கூடிய வரி. பனம்பாரனார் செய்ததும் அதுதான்.